விடிகாலையில் வெடிக்கும் தரை: டைல்ஸ் ஏன் எழும்புகிறது?

கிள்ளான் வட்டாரத்துத் தாமான் ஒன்றில் ஒரு தரைவீடு. டிசம்பர் மாதம், மூன்று நாளாக விடாத மழை. விடிகாலை நான்கு மணி இருக்கும். ஹாலில் ‘டமார்’ என்று ஒரு சத்தம். திருடன் புகுந்துவிட்டான் என்று நினைத்துக் கணவனும் மனைவியும் விளக்கைப் போட்டுப் பார்த்தார்கள். ஆள் யாரும் இல்லை. ஹாலும் சாப்பாட்டு அறையும் சேரும் இடத்தில், தரையின் இரண்டு வரிசை டைல்ஸ் ஒன்றோடு ஒன்று முட்டி, கூரை முகடுபோல் நிமிர்ந்து நின்றன. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து டைல்ஸும் ‘டிக், டிக்’ என்று ஒவ்வொன்றாக எழும்பின. விடிவதற்குள் 14 டைல்ஸ் தரையை விட்டு வந்துவிட்டன.

மறுநாள் வந்து பார்த்தவர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பூமி அசைந்திருக்கும் என்றார் ஒருவர். அடியில் தண்ணீர் ஊறியிருக்கும் என்றார் இன்னொருவர். மட்டமான டைல்ஸை வாங்கிவிட்டீர்கள் என்றார் மூன்றாமவர். டைல்ஸோ பெட்டி மாறாத நல்ல போர்சலின். ஒன்றில்கூட விரிசல் இல்லை.

மழைக்காலம் வந்தால் இந்தப் புகார் கூடும். சிங்கப்பூரில் 2018 ஜனவரியில் வழக்கத்துக்கு மாறான குளிர் சில நாள் நீடித்தபோது, அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் தரை டைல்ஸ் இதே போல் எழும்பியது அங்கே பெரிய செய்தியானது. நம் ஊரிலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை டைல் போடுகிறவர்களுக்கு இப்படிப்பட்ட அழைப்புகள் வரும்.

டைல்ஸ் எழும்புவதற்கு இரண்டு குறைகள் ஒன்றாகச் சேர வேண்டும். ஒன்று, தரை அசைவதற்கு இடம் விடாமல் போட்டிருப்பது. மற்றது, டைலின் முதுகில் பசை முழுமையாகப் பிடிக்காமல் இருப்பது. பிடிப்பு நன்றாக இருந்தால், இடம் குறைவாக இருந்தாலும் தரை பல ஆண்டு தாங்கும். இடம் விட்டிருந்தால், பிடிப்பு சற்றுக் குறைந்த டைலும் படுத்தபடியே கிடக்கும். இரண்டும் இல்லாத வீட்டில்தான் தரை வெடிக்கிறது. அந்தக் கிள்ளான் வீட்டை வைத்தே இதைப் பார்ப்போம்.

தரை எங்கே அசைகிறது?

டைல் ஒரு கல், அடியில் இருப்பது கான்கிரீட், இரண்டும் அசையாது என்றுதான் நாம் நினைக்கிறோம். கண்ணுக்குத் தெரியாத அளவில் இரண்டும் அசைகின்றன. ஆனால் ஒரே அளவில் அசைவதில்லை. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

முதலாவது, கான்கிரீட் சுருங்குவது. புதிதாகப் போட்ட கான்கிரீட்டும் அதன் மேல் பூசும் சிமெண்டு மணல் தளமும் உள்ளே இருக்கும் தண்ணீர் உலர உலரச் சுருங்கிக்கொண்டே இருக்கும். ஒரு வாரத்திலோ ஒரு மாதத்திலோ அது முடிவதில்லை. முதல் ஆண்டில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் சில ஆண்டுகளுக்குத் தொடரும். மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் வரை சுருங்கக்கூடும். போர்சலின் டைல் சூளையில் வெந்து வந்தது, அது சுருங்காது. ஆக, அடித்தளம் குறுகிக்கொண்டே போக, அதன் மேல் ஒட்டியிருக்கும் டைல்ஸ் அதே நீளத்தில் நிற்கிறது. நீளமான மேசை விரிப்பைக் குட்டை மேசைக்குள் அடக்கப் பார்ப்பது போன்ற நிலை. டைல்ஸ் எல்லாம் ஒன்றை ஒன்று நெருக்கத் தொடங்குகின்றன.

இரண்டாவது, சூடும் குளிரும். சூடு ஏறினால் எல்லாமே விரியும், குளிர்ந்தால் சுருங்கும். ஒரு மீட்டர் கான்கிரீட் ஒரு டிகிரி மாற்றத்துக்கு ஏறத்தாழ நூற்றில் ஒரு மில்லிமீட்டர் அசைகிறது. போர்சலின் டைல் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் அசைகிறது. எனவே குளிரும்போது கான்கிரீட் அதிகமாகவும் டைல் குறைவாகவும் சுருங்கும். அதாவது குளிர் வரும்போது டைல்ஸின் மேல் நெருக்கடி இன்னும் ஏறுகிறது. மழை நாளில், அதுவும் விடிகாலையில் தரை வெடிப்பது இதனால்தான். ‘சூட்டில் விரிந்துதான் எழும்பும், குளிரில் எப்படி?’ என்று பலர் குழம்புவதற்கும் விடை இதுவே.

சூட்டிலும் எழும்புவது உண்டு. கண்ணாடிக் கதவு வழியாக மதிய வெயில் நேராகத் தரையில் விழும் இடத்தில், டைலின் மேற்பரப்பு கொதிக்கும். அடியில் இருக்கும் கான்கிரீட் அவ்வளவு சூடாவதில்லை. அங்கே டைல் மட்டும் விரிந்து பக்கத்து டைலைத் தள்ளுகிறது. அதே இடத்தில் மாலையில் குளிர்சாதனத்தைப் போட்டால், பசை ஒவ்வொரு நாளும் இழுபட்டுத் தளர்கிறது.

மூன்றாவது, ஈரம். தண்ணீர் உறிஞ்சும் சாதாரணப் பீங்கான் டைல்ஸ் சூளையை விட்டு வந்த பிறகு காற்றின் ஈரத்தை வாங்கி ஆண்டுக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெருக்கும். போர்சலின் டைல் ஏறத்தாழத் தண்ணீரே குடிக்காது என்பதால் அதில் இது பெரிய விஷயமில்லை. பழைய வீடுகளில் இருக்கும் பீங்கான் டைல்ஸுக்கு இதுவும் ஒரு காரணம்.

கிள்ளான் வீட்டுக் கணக்கு

அந்த வீடு புதுத் தாமான் வீடு. சாவி கிடைத்த ஆண்டிலேயே, தீபாவளிக்குள் முடிய வேண்டும் என்று, ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே இருந்த தடுப்பை எடுத்துவிட்டு வாசலிலிருந்து சமையலறை வரை ஒரே தரையாக டைல்ஸ் போட்டார்கள். நீளம் 36 அடி, அதாவது ஏறக்குறைய 11 மீட்டர். அகலம் 20 அடி. இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ், மொத்தம் 180. கோடே தெரியாமல் கண்ணாடிபோல் இருக்க வேண்டும் என்று வீட்டுக்காரர் கேட்டார். டைல்ஸை ஒன்றோடு ஒன்று ஒட்டியே வைத்தார்கள். சுவர் ஓரத்திலும் டைலைச் சுவரில் முட்டும்படி வெட்டி வைத்து, எஞ்சிய சந்தில் சிமெண்டை அடைத்து, மேலே ஸ்கர்ட்டிங் பட்டையை ஒட்டிவிட்டார்கள்.

இனி அசைவைக் கணக்குப் போடுவோம். 11 மீட்டர் நீளத்துக்குப் புதுக் கான்கிரீட்டும் சிமெண்டு தளமும் சில ஆண்டுகளில் சுருங்கக்கூடியது மூன்று முதல் ஐந்து மில்லிமீட்டர். மழை வந்து வீடு 32 டிகிரியிலிருந்து 24 டிகிரிக்கு இறங்கியது என்று வைத்துக்கொண்டால், எட்டு டிகிரிக்குக் கான்கிரீட் சுருங்குவது 0.9 மில்லிமீட்டர். டைல்ஸ் சுருங்குவது 0.6 மில்லிமீட்டருக்கும் குறைவு. வித்தியாசம் மூன்றில் ஒரு மில்லிமீட்டர்.

மூன்றில் ஒரு மில்லிமீட்டரில் தரை வெடிக்குமா என்று கேட்கலாம். தனியாக வெடிக்காது. ஐந்து ஆண்டுகளாகச் சுருக்கம் நெருக்கடியைச் சேர்த்து வைத்திருந்தது. அந்த விடிகாலைக் குளிர் கடைசியாக ஒரு தள்ளு தள்ளியது, அவ்வளவுதான். அதனால்தான் போட்ட புதிதில் குறையே தெரியாத தரை நான்காம் ஆண்டோ ஐந்தாம் ஆண்டோ திடீரென்று கிளம்புகிறது.

இவ்வளவு சின்ன அசைவு எப்படி டைல்ஸை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கியது என்பதும் பலருக்கு வியப்பு. இரண்டடி டைல்ஸ் இரண்டு முட்டிக்கொண்டு நிற்கின்றன. இரண்டுக்குமான இடம் ஒரே ஒரு மில்லிமீட்டர் குறைகிறது என்று வையுங்கள். அவை முகடுபோல் எழும்பினால், நடு முனையின் உயரம் 24 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஓர் அங்குலம். இரண்டு சீட்டை மேசையில் முனைக்கு முனை வைத்து இரு பக்கமும் மெல்லத் தள்ளிப் பார்த்தால் இது விளங்கும். விரல் நகர்ந்தது தெரியாது, சீட்டு நிமிர்ந்துவிடும். பசை விட்டுப்போகும் நொடியில், அத்தனை நாளும் அடங்கியிருந்த நெருக்கடி ஒரேயடியாக வெளிவருகிறது. அந்த ‘டமார்’ சத்தம் அதுதான்.

விட வேண்டிய இடம்

டைல்ஸ் நெருக்கிக்கொள்ளாமல் இருக்க மூன்று இடத்தில் வழி விட வேண்டும்.

முதல் இடம் சுவர் ஓரம். தரையின் நான்கு பக்கமும், தூண் இருந்தால் தூணைச் சுற்றியும், கால் அங்குல இடைவெளி வேண்டும். அந்தச் சந்தில் சிமெண்டோ கிரவுட்டோ மணலோ விழக்கூடாது. வெறுமையாக விடலாம், அல்லது சிலிக்கோன்போல் அமுங்கும் பொருளால் நிரப்பலாம். மேலே ஸ்கர்ட்டிங் பட்டை வருவதால் சந்து கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஸ்கர்ட்டிங்கைத் தரை டைலோடு சிமெண்டு போட்டு ஒட்டக்கூடாது. சுவரில் மட்டும் ஒட்ட வேண்டும். செலவே இல்லாத வேலை இது. பெரும்பாலான வீடுகளில் விட்டுப்போவதும் இதுதான்.

இரண்டாவது இடம் டைலுக்கும் டைலுக்கும் நடுவே உள்ள கோடு. எவ்வளவு துல்லியமாக வெட்டிய டைலாக இருந்தாலும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். அதற்கென்று சின்னப் பிளாஸ்டிக் கட்டைகள் கடையில் மலிவாகவே கிடைக்கும். கோடே இல்லாத தரை அழகாக இருக்கலாம். ஆனால் அந்தத் தரையில் ஒரு டைல் தள்ளினால் தள்ளு அப்படியே 18 டைல் தாண்டிச் சுவர் வரை போகும். இன்னொன்றும் உண்டு. இந்தக் கோட்டில் நிரப்பும் கிரவுட்டும் சிமெண்டுதான். அது காய்ந்தால் கல்லாகிவிடும். கோடு இருந்தால் மட்டும் தரை தப்பிவிடாது.

எனவே மூன்றாவதாக, பெரிய தரையில் அசைவுக் கோடு என்று தனியாக ஒன்று வேண்டும். அமெரிக்க டைல் தொழில் கையேடு, வீட்டுக்குள் 20 முதல் 25 அடிக்கு ஒரு கோடு வேண்டும் என்கிறது. நேர் வெயில் படும் இடத்திலும் ஈரமாகும் இடத்திலும் 8 முதல் 12 அடிக்கு ஒன்று. கார் நிறுத்தும் முன்வாசலுக்கும் மாடி வராந்தாவுக்கும் இந்த இரண்டாவது கணக்குத்தான். அந்தக் கோட்டில் கிரவுட்டுக்குப் பதிலாக அதே நிறத்தில் சிலிக்கோன் அல்லது பாலியூரித்தேன் நிரப்புவார்கள். உலோகப் பட்டையாகவும் விற்கிறது. கோடு மேலே மட்டும் இருந்தால் போதாது. பசை வரைக்கும் இறங்க வேண்டும். அடியில் கான்கிரீட்டிலேயே ஓர் அசைவுக் கோடு இருந்தால், அதற்கு நேர் மேலேதான் டைலின் கோடும் வர வேண்டும். தள்ளி வைத்தால் கான்கிரீட் அசையும்போது டைல் பிளக்கும்.

வாசற்படியும் இரண்டு அறை சேரும் இடமும் இந்தக் கோட்டுக்கு நல்ல இடங்கள். கதவு மூடும் இடத்தில் ஒரு கோடு இருப்பதை யாரும் குறையாகப் பார்க்கமாட்டார்கள். கிள்ளான் வீட்டில் தடுப்பை எடுத்த இடத்தில்தான் அந்தக் கோடு வந்திருக்க வேண்டும். தரை தானாகவே ஒரு கோடு போட்டுக்கொண்ட இடமும் அதுவே.

டைலின் முதுகு சொல்லும் கதை

எழும்பிய டைலை எடுத்தவுடன் குப்பையில் போடாதீர்கள். திருப்பி முதுகைப் பாருங்கள். என்ன தவறு நடந்தது என்று அதிலேயே எழுதியிருக்கும்.

முதுகு சுத்தமாக, கடையிலிருந்து வந்தபடியே இருந்து, தரையில் பசை சீப்புப் போட்ட வரிவரியாக அப்படியே நின்றால், பசையை இழுத்துவிட்டு வெகு நேரம் கழித்து டைலை வைத்திருக்கிறார்கள். டைல் பசையின் மேல் கொஞ்ச நேரத்தில் ஏடு கட்டிவிடும். பையில் 20 நிமிடம் என்று போட்டிருந்தாலும், நம் ஊர்ச் சூட்டில், மின்விசிறியும் சுற்றினால், அதற்கு முன்பே காய்ந்துவிடும். விரலால் தொட்டுப் பார்த்தால் பசை விரலில் ஒட்ட வேண்டும். ஒட்டாவிட்டால் வழித்து எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். வேலையை முடிக்கும் அவசரத்தில் பத்து டைலுக்கான பசையை ஒரே இழுப்பில் இழுத்துவிடுவதுதான் இங்கே நடக்கும் தவறு. கிள்ளான் வீட்டில் 14 டைலில் 11 இப்படித்தான் இருந்தன.

முதுகின் நடுவிலும் நான்கு மூலையிலும் மட்டும் உருண்டை உருண்டையாகப் பசை இருந்தால், பசையைக் குவியலாக வைத்து டைலை அமுக்கியிருக்கிறார்கள். உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவே காற்றுதான். வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் டைலின் முதுகில் நூற்றுக்கு 80 பங்காவது பசை பட்டிருக்க வேண்டும்; குளியலறையிலும் வெளியிலும் 95 பங்கு. குவியல் வேலையில் பாதிகூட வராது.

முதுகில் வெள்ளைத் தூள் விரலில் ஒட்டினால், சூளையில் டைல் ஒட்டாமல் இருக்கப் பூசியது அது. ஈரத்துணியால் துடைக்காமல் வைத்தால் பசை டைலைப் பிடிக்காமல் தூளைப் பிடித்துக்கொள்ளும்.

முதுகில் சிமெண்டு மணல் கட்டியாக ஒட்டிக்கொண்டு, தரையில் பள்ளம் விழுந்திருந்தால், பசைக்குக் குற்றமில்லை. அடியில் போட்ட தளம் பலமில்லை. சிமெண்டு குறைந்த கலவையாக இருக்கலாம். தளம் காயும் முன்பே டைல் வைத்திருக்கலாம். ஆணியால் கீறினால் மணலாக உதிரும் தளத்தின் மேல் எவ்வளவு நல்ல பசை போட்டும் பயனில்லை. புதுத் தளத்துக்கு மூன்று வாரமாவது விட வேண்டும்.

பழைய முறையில் சிமெண்டு மணலை ஈரப்பதமாகக் கொட்டி, மேலே சிமெண்டுப் பாலை ஊற்றி டைலை வைப்பார்கள். தண்ணீர் உறிஞ்சும் பழைய பீங்கான் டைலுக்கு அது பொருந்தியது. டைல் சிமெண்டுப் பாலைக் குடித்துப் பிடித்துக்கொள்ளும். போர்சலின் குடிக்காது. அதனால் வெறும் சிமெண்டு அதைச் சரியாகப் பிடிப்பதில்லை. போர்சலினுக்கென்று ரெசின் கலந்த பசை இருக்கிறது. பையின் மேல் சி2 என்ற வகைக் குறி இருக்கும். கொஞ்சம் வளைந்து கொடுக்கும் பசையில் எஸ்1 என்றும் சேர்ந்திருக்கும். டைலுக்குப் பணம் செலவழித்துவிட்டுப் பசையில் மிச்சம் பிடிப்பது இந்த இடத்தில்தான் அடிக்கிறது.

தோட்டத்து வீடுகளையும் பழைய மலிவுவிலை வீடுகளையும் புதுப்பிக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மெழுகிய சிமெண்டுத் தரை அங்கே வழக்கம். பல ஆண்டு மெழுகும் எண்ணெயும் ஏறி வழவழவென்று இருக்கும். அதன் மேல் நேராகப் பசை போட்டால் பிடிக்காது. உளியால் கொத்தியோ இயந்திரத்தால் தேய்த்தோ சொரசொரப்பாக்கி, தூசியைக் கூட்டிக் கழுவி, பிறகே டைல் போட வேண்டும். பழைய டைலின் மேல் புது டைல் போடும்போதும் இதே கதைதான். அடியில் இருப்பது ஏற்கெனவே தளர்ந்திருந்தால், மேலே போட்டதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எழும்பும்.

எழும்புவதும் விரிசலும் ஒன்றல்ல

டைல் பிளந்திருந்தால் காரணம் வேறாக இருக்கலாம். பிளவு எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். ஒரே டைலின் மூலை மட்டும் உடைந்திருந்தால், பெரும்பாலும் அந்த மூலைக்கு அடியில் பசை இல்லை. நாற்காலிக் காலோ விழுந்த பொருளோ உடைத்திருக்கும். அந்த ஒரு டைலை மாற்றினால் போதும்.

ஒரே பிளவு நான்கைந்து டைலைக் கடந்து, கோடுகளையும் வெட்டிக்கொண்டு ஓடினால், அடியில் கான்கிரீட் பிளந்திருக்கிறது. டைலை மாற்றினால் புது டைலும் அதே இடத்தில் பிளக்கும். பழைய வீட்டோடு நீட்டிக் கட்டிய சமையலறை சேரும் இடத்தில் இது அடிக்கடி வரும். பழைய பகுதியும் புதுப் பகுதியும் தனித்தனியாக மண்ணில் இறங்குகின்றன. அந்த எல்லையில் டைலைத் தொடர்ந்து போடாமல் அசைவுக் கோட்டை வைப்பதுதான் வழி. ஒரு பக்கம் தாழ்ந்திருப்பது காலுக்கே தெரிந்தாலோ, சுவரிலும் அதே நேர்க்கோட்டில் விரிசல் ஓடினாலோ, டைல் வேலைக்கு முன்னால் கட்டடம் தெரிந்த பொறியியலாளரிடம் காட்ட வேண்டும்.

உங்கள் தரையைத் தட்டிப் பாருங்கள்

ஓர் ஐம்பது காசும் ஒரு துண்டுச் சாக்கட்டியும் போதும். ஒவ்வொரு டைலிலும் நடுவிலும் நான்கு மூலையிலும் காசால் தட்டுங்கள். பிடித்திருக்கும் இடம் கெட்டியான சத்தம் தரும். பிடிக்காத இடம் பானையைத் தட்டுவதுபோல் ஒலிக்கும். பானைச் சத்தம் வரும் இடத்தில் குறி போடுங்கள்.

குறி நிறைய விழுந்தால் உடனே பயப்பட வேண்டாம். மூலை மட்டும் ஒலிக்கும் டைல்ஸ் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஒரு டைல் முழுவதும் ஒலித்தால் கவனிக்க வேண்டும். முழுவதும் ஒலிக்கும் டைல்ஸ் பக்கத்துப் பக்கத்தில் வரிசையாக இருந்தால் அங்கேதான் ஆபத்து. கோட்டிலிருந்து கிரவுட் நொறுங்கித் தூளாக வெளியே வருவது, டைல் ஓரங்கள் சில்லுச் சில்லாக உதிர்வது, இரவில் தரையில் ‘டிக்’ என்று சத்தம் கேட்பது, துடைக்கும்போது ஒரு விளிம்பு துணியில் தட்டுவது ஆகியவை நெருக்கடி ஏறிவிட்டதற்கு அடையாளம்.

அந்த நிலையில் தரையைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி, சுவர் ஓரத்துச் சிமெண்டையும் டைலையும் கால் அங்குலம் வெட்டி எடுத்து வழி விடலாம். தரை நீளமாக இருந்தால் நடுவில் ஒரு கோட்டின் கிரவுட்டை முழு ஆழத்துக்கு அறுத்து எடுத்துவிட்டு சிலிக்கோன் நிரப்பலாம். விட்டுப்போன பசையை இது திருப்பித் தராது. ஆனால் தள்ளு குறைவதால், எழும்பாமல் இருக்கும் டைல்ஸ் அப்படியே நிற்க வாய்ப்பு அதிகம்.

எழும்பிவிட்டால்

முதலில் செருப்பைப் போடுங்கள். போர்சலின் விளிம்பு கத்திபோல் வெட்டும். பிள்ளைகளையும் வயதானவர்களையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். எழும்பிய டைலை மிதித்தோ கனமான பொருளை வைத்தோ அமுக்காதீர்கள். அமுக்கினால் தள்ளு பக்கத்து டைலுக்குப் போகும், அல்லது டைல் வெடித்துச் சிதறும். சுற்றி அட்டையை வைத்து அடையாளம் காட்டுங்கள். பிறகு எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். டைலின் முதுகையும் தரையையும் சேர்த்து எடுக்க மறக்க வேண்டாம். பின்னால் உங்களுக்குச் சாட்சி அதுதான்.

மேம்பாட்டாளர் போட்ட தரையாக இருந்தால், வீட்டு மேம்பாட்டுச் சட்டத்தின் கீழ் செய்துகொண்ட விற்பனை ஒப்பந்தத்தில் குறைபாட்டுப் பொறுப்புக் காலம், சாவி ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதம். குறையை எழுத்தில் தெரிவித்தால் 30 நாளுக்குள் அவர்கள் செலவில் சரிசெய்ய வேண்டும். சிங்கப்பூரில் புது அரசாங்க அடுக்குமாடி வீட்டுக்கு இது ஓராண்டு. காலம் முடியும் முன்பே காசால் தட்டிப் பார்த்து, முழுவதும் ஒலிக்கும் டைல்ஸைப் பட்டியலிட்டுக் கொடுங்கள். எழும்பும் வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும்.

நீங்களே ஆள் வைத்துப் போட்ட தரைக்கு மேம்பாட்டாளர் பொறுப்பில்லை. வேலை செய்தவரிடம்தான் கேட்க வேண்டும். எழுத்தில் ஒப்பந்தமோ பணம் கட்டிய ரசீதோ இருந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். வாயால் பேசி முடித்த வேலைக்கு அங்கே நிற்பது கடினம்.

கிள்ளான் வீட்டுக்காரரிடம் ரசீது இல்லை. டைல்ஸ் போட்டவரும் ஊர் மாறிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் முதலில் 180 டைலையும் தட்டினார். எழும்பிய 14 போக, 12 டைல்ஸ் முழுவதும் ஒலித்தன. 28 டைல்ஸில் மூலை மட்டும். அந்த 12-ல் ஆறு, எழும்பிய இரண்டு வரிசையின் மிச்சம். மற்ற ஆறு, வெயில் விழும் கண்ணாடிக் கதவோரம். எல்லாவற்றையும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டியதில்லை என்று அவர் சொன்னார். பக்கம் பக்கமாக மூன்றில் ஒரு பங்கு ஒலித்திருந்தால், ஒட்டுப்போடுவது வீண். முழுவதும் பெயர்ப்பதுதான் நல்லது என்றும் சொன்னார்.

அதே டைல் கடையில் இல்லை. வீட்டில் மிச்சம் வைத்திருந்தது ஆறுதான். அந்த ஆறும் கண்ணாடிக் கதவோரத்துக்குப் போயின. நடுவில் இருந்த இரண்டு வரிசை, 20 டைல்ஸ், முழுவதையும் எடுத்துவிட்டுக் கறுப்பு நிறத்தில் ஒரு பட்டையாகப் போட்டார்கள். பட்டையின் இரண்டு பக்கமும் சிலிக்கோன் கோடு. 36 அடித் தரை இப்போது இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் 16 அடி. ஸ்கர்ட்டிங்கைக் கழற்றிச் சுவர் ஓரம் முழுவதும் வழி விட்டார்கள். மூலை மட்டும் ஒலித்த 28 டைல்ஸை அப்படியே விட்டுவிட்டார்கள். வருபவர்கள் அந்தக் கறுப்புப் பட்டையைப் புது டிசைன் என்று நினைக்கிறார்கள்.

வேலை தொடங்கும் முன் கேட்க வேண்டியவை

டைல் வேலையில் தவறு எல்லாம் டைலுக்கு அடியில் போய் மறைந்துவிடும். வேலை நடக்கும்போது பார்த்தால்தான் உண்டு. சுவர் ஓரம் கால் அங்குலம் விடுவீர்களா, எங்கே அசைவுக் கோடு வரும், எந்த வகைப் பசை, டைலுக்கு இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று நான்கையும் கேட்டு, விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள்.

இரண்டடி டைலுக்குப் பத்து அல்லது பன்னிரண்டு மில்லிமீட்டர் பல் உள்ள சீப்புக் கரண்டி வேண்டும். பசையை நேர் வரியாக ஒரே திசையில் இழுக்க வேண்டும். வட்டமாக இழுத்தால் காற்று உள்ளே அடைபடும். டைலின் முதுகிலும் மெல்லியதாகப் பசை தடவ வேண்டும். வைத்த பிறகு வரிகளுக்குக் குறுக்கே முன்னும் பின்னும் அசைத்து அமுக்கினால் வரிகள் சாய்ந்து ஒன்றாகும்.

முதல் நாள் காலையில் நான்கைந்து டைல் வைத்ததும், ‘அண்ணே, ஒன்றை எடுத்துக் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். நல்ல வேலைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவரே அவ்வப்போது அப்படி எடுத்துப் பார்ப்பார். முதுகில் பசை முழுவதும் படர்ந்திருந்தால் அந்த டைலைத் திருப்பி வைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். வெறுமை தெரிந்தால் அன்றைக்கே சரிசெய்யலாம். அப்போது மாற்ற வேண்டியது ஐந்து டைல்தான். கடைசியாக, வேலை முடிந்ததும் ஒரு பெட்டி டைலையாவது மிச்சம் எடுத்து வையுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அதே நிறம் கடையில் இருக்காது.